ஜவ்வு விலகவில்லை, பிதுங்கியிருக்கிறது

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 42. ஆரணியில் அரிசிக் கடை வைத்திருக்கிறேன். ஐந்து வாரத்துக்கு முன் காலை ஆறரை மணிக்கு மில்லிலிருந்து லோடு வந்தது. ஆள் வராததால் நானே குனிந்து 25 கிலோ சிப்பங்களைத் தூக்கித் திரும்பித் திரும்பி அடுக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. நாலு நாளில் இடுப்பு வலி குறைந்தது. ஆனால் இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரை சுளீர் என்று இழுக்கிறது. சுண்டு விரல் மரத்துப்போயிருக்கிறது. தும்மினால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது. வேலூர் பஸ்ஸில் ஏறினால் கண்ணமங்கலம் வருவதற்குள் எழுந்து நின்றுவிடுகிறேன். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எல்5–எஸ்1 டிஸ்க் பிதுங்கி இடது எஸ்1 நரம்பை அழுத்துவதாக எழுதியிருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். ஊரில் ஒருவர், ஜவ்வு விலகியிருக்கிறது, தட்டி உட்கார வைக்கிறேன் என்கிறார். முதுகில் ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று வீட்டில் அழுகிறார்கள். வலி காலில்தானே இருக்கிறது, முதுகில் ஏன் கை வைக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் காலில் ஒரு கோளாறும் இல்லை. கெண்டைக்காலில் எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் அங்கே சரிசெய்ய எதுவும் கிடையாது. காலிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிற நரம்பு, போகிற வழியில், இடுப்பின் அடியில் நெருக்குப்படுகிறது. திருவண்ணாமலை பஸ்ஸில் கண்ணமங்கலத்தில் ஒருவர் ஏறி வேலூரில் இறங்கினால், பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் அவரும் திருவண்ணாமலையிலிருந்துதான் வருகிறார் என்று நினைப்பார் அல்லவா? மூளையும் அப்படித்தான். அந்த நரம்பில் வருகிற சேதி எல்லாமே அதற்குக் கெண்டைக்காலிலிருந்தும் சுண்டு விரலிலிருந்தும் வருகிற சேதிதான். நடுவழியில் ஏறினதைப் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. அதனால் அடிபட்ட இடம் முதுகாக இருக்க, வலிக்கிற இடம் காலாக இருக்கிறது. இதைத்தான் சயாட்டிகா என்கிறோம்.

நெருக்குவது எது என்று பார்ப்போம். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்கை நம் பக்கத்தில் ஜவ்வு என்கிறார்கள். அதைப் பூரணக் கொழுக்கட்டை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மெத்தென்று ஈரமான பூரணம், சுற்றி உறுதியான உறை. அந்த உறை ஒரே தோல் அல்ல. வெங்காயம் போல 15 முதல் 25 அடுக்குகள். ஓர் அடுக்கின் நார்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அடுத்த அடுக்கின் நார்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். நேராக வருகிற பாரத்தை எல்லா அடுக்கும் சேர்ந்து தாங்கும். உடம்பைத் திருகும்போது அப்படி இல்லை. ஒரு பக்கம் சாய்ந்த நார்கள் மட்டும் இறுகும், மறுபக்க நார்கள் தளர்ந்துவிடும். அதாவது பாதி ஆட்களை வைத்துக்கொண்டு முழுப் பாரத்தையும் தாங்க வேண்டிய நிலை. குனிந்தால் பூரணம் பின்பக்கம் தள்ளப்படுகிறது. குனிந்து, தூக்கி, அப்படியே திரும்பினால் இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. சிப்பம் அடுக்குகிறவர் செய்வது இதைத்தான்.

காலை ஆறரை மணி என்று நீங்கள் எழுதியிருப்பதையும் நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகின் மேல் பாரம் இல்லாததால் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் எழுந்ததும் நாம் ஒன்றரை சென்டிமீட்டர் வரை உயரம் கூடியிருப்பதற்கு அதுதான் காரணம். உப்பிய டிஸ்க்கின் உறை விறைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் உறைக்கு வருகிற இழுப்பு மதியத்தில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம். அதே சிப்பத்தை நீங்கள் பத்து மணிக்குத் தூக்கியிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம்.

இனி, விலகல் என்ற சொல்லைப் பற்றி. டிஸ்க் மேலும் கீழும் எலும்போடு ஒட்டி வளர்ந்த பொருள். அது நாற்காலி போல நகர்வதில்லை. உறை கிழிந்த இடத்தில் பிதுங்குகிறது, அவ்வளவுதான். பிதுங்கியதைத் தட்டி உள்ளே உட்கார வைக்க யாராலும் முடியாது. தட்டுவதும், முதுகில் ஏறி மிதிப்பதும், முறுக்கி நெட்டி எடுப்பதும் ஏற்கெனவே கிழிந்த உறையின் மேல்தான் போய் விழும். பாதி பிதுங்கியது முழுதாக வெளியே வர அது காரணமாகலாம். ஊரில் சொல்கிறவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் தயவுசெய்து இடம் கொடுக்காதீர்கள்.

முதுகில் ஆபரேஷன் என்றதும் வீட்டில் பயப்படுவது தண்டுவடத்தை நினைத்துத்தான். தண்டுவடம் கீழ் முதுகின் அடி வரை வருவதே இல்லை. இடுப்புப் பகுதி முதுகெலும்புகளில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வால் மாதிரி நரம்பு வேர்கள் மட்டும் தொங்குகின்றன. உங்கள் எல்5–எஸ்1 டிஸ்க் எல்லாவற்றுக்கும் அடியில், இடுப்புப் பகுதியின் ஐந்தாவது முதுகெலும்புக்கும் அதற்குக் கீழே உள்ள திரிக எலும்புக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே தண்டுவடம் இல்லை. அதனால் கால் விளங்காமல் போகும் என்று நம் ஊரில் சொல்லப்படுகிற பயத்துக்கு இந்த இடத்தில் ஆதாரம் குறைவு. ஒரு வேர் சேதமாகும் ஆபத்து மிகச் சிலருக்கு உண்டு. ஆனால் அது வேறு, இரண்டு காலும் விழுந்துபோவது வேறு.

டிஸ்க்கின் பின்னால் நடுவில் ஒரு நார்ப்பட்டை உறுதியாகக் காவல் நிற்கிறது. ஓரங்களில் அது மெலிந்துவிடும். அதனால் பூரணம் பெரும்பாலும் இடது ஓரமாகவோ வலது ஓரமாகவோதான் வெளியே வருகிறது. அதே ஓரத்தில்தான் அடுத்த மாடியில் வெளியேறப் போகிற நரம்பு வேர் இறங்கிக்கொண்டிருக்கிறது. எல்5–எஸ்1 டிஸ்க் பிதுங்கினால் எல்5 வேர் தப்பி, எஸ்1 வேர் சிக்குவது இதனால்தான். எஸ்1 வேருக்குச் சொந்தமான இடங்கள் பிட்டம், தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், பாதத்தின் வெளி ஓரம், சுண்டு விரல். நீங்கள் எழுதியிருக்கும் வலி அதே வழியில் போகிறது. ஒரு மாடி மேலே எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கியிருந்தால் எல்5 வேர் சிக்கியிருக்கும். வலி முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேல்புறம் வழியாகக் கட்டை விரலுக்குப் போயிருக்கும். இந்த இரண்டு டிஸ்க்குகளில்தான் ஏறக்குறைய எல்லாச் சயாட்டிகாவும் வருகிறது.

கால் சொல்லும் வழியும் படம் காட்டும் இடமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். ஏனென்றால் நாற்பது வயதில் முதுகு வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கும். படத்தில் பிதுக்கம் தெரிகிறது என்பதற்காக யாரும் ஆபரேஷன் மேசையில் ஏறக்கூடாது. உங்களுக்கு இரண்டும் பொருந்துகின்றன, அதனால் காரணத்தில் சந்தேகம் இல்லை.

ஆனால் அழுத்தம் மட்டுமே வலி தராது. சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் நரம்பு அழுந்தி கால் மரத்துத்தான் போகிறது, சுளீர் என்று இழுப்பதில்லை. நல்ல நரம்பை அழுத்தினால் மரமரப்பு. வீங்கிச் சிவந்த நரம்பைத் தொட்டால்தான் இந்த வலி. முதுகை மட்டும் மரக்கவைத்து, நோயாளி விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்து பார்த்ததில், வீங்கிய வேரைத் தொட்டபோதுதான் அவருடைய வழக்கமான கால் வலி வந்தது. பக்கத்திலிருந்த நல்ல வேரைத் தொட்டபோது வரவில்லை. வேர் ஏன் வீங்குகிறது? உறைக்குள் பத்திரமாக இருந்த பூரணம் வெளியே கசிந்ததும் உடம்பு அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. அங்கே ரத்த அணுக்கள் கூடி அழற்சி உண்டாகிறது. பக்கத்திலிருக்கும் வேர் அதில் வெந்துபோகிறது. தும்மினால், இருமினால், முக்கினால் முதுகுக்குழியில் அழுத்தம் ஒரு நொடி ஏறும். நல்ல வேருக்கு அது ஒன்றுமில்லை. வெந்த வேருக்கு அதுவே கரண்ட் அடித்த மாதிரி.

இந்த அழற்சி ஒரு பக்கம் வேதனை என்றால், மறுபக்கம் அதுவேதான் வைத்தியம். வந்து கூடிய அணுக்கள் பிதுங்கிய துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று சுருக்குகின்றன. லேசாக உப்பியிருப்பதைவிட, உறையைக் கிழித்துக்கொண்டு பெரிய துண்டாக வெளியே வந்ததுதான் சில மாதங்களில் அதிகம் சுருங்குகிறது. ரிப்போர்ட்டில் பெரிதாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை மட்டும் வைத்துக் கலங்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்குக் கால் வலி ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் தானாகவே நன்றாகக் குறைந்துவிடுகிறது.

அப்படியானால் ஆபரேஷன் எதற்கு? நெதர்லாந்தில் 2007ல் வெளியான ஓர் ஆய்வு உங்களுக்கு உதவும். ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் சயாட்டிகாவில் இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறு பாதிக்கு மாத்திரையும் பொறுமையும், தாங்க முடியாவிட்டால் பிறகு ஆபரேஷன். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் பிறகு ஆபரேஷனுக்கு வந்தார்கள், மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆபரேஷன் பக்கத்தில் பாதிப் பேர் நாலு வாரத்துக்குள் தேறினார்கள். காத்திருந்த பக்கத்தில் அதற்குப் பன்னிரண்டு வாரம் ஆனது. ஒரு வருடம் முடிந்தபோது இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு 95 பேர் நலம். அதாவது வெறும் வலிக்காகச் செய்யும் ஆபரேஷன் நாட்களை மிச்சம் பிடிக்கிறது. கடையைத் திறக்கவே முடியவில்லை, இரவில் தூக்கமில்லை என்றால் அந்த நாட்களுக்கு மதிப்பு அதிகம். வலி குறைந்துகொண்டே வருகிறது என்றால் பொறுப்பது நல்லது. இதை உங்களுக்காக நான் முடிவு செய்ய முடியாது. ஆனால் ஐந்தாவது வாரத்தில், கால் பலம் குறையாத ஒருவருக்கு, இன்னும் சில வாரம் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கால் பலம் என்றேன் அல்லவா, எல்லாம் அதில்தான் இருக்கிறது. வலி எவ்வளவு என்பதைவிட பலம் எப்படி என்பதுதான் எங்களுக்கு முக்கியம். எஸ்1 வேர் கெண்டைச் சதையை இயக்குகிறது. சுவரில் விரல்களை லேசாக ஊன்றிக்கொண்டு, முதலில் வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பத்து முறை. அப்புறம் இடது காலில் அதேபோல். வலதில் பத்து வந்து இடதில் நாலுக்கு மேல் குதிகால் எழும்பவில்லை என்றால் அது வலியால் வந்த தயக்கம் மட்டும் அல்ல, சதை பலம் இழக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதைச் செய்து, கணக்கு நோட்டில் எண்ணை எழுதி வையுங்கள். எண் ஏறினால் நல்லது. வாரத்துக்கு வாரம் இறங்கினால் காத்திருக்காதீர்கள்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். வயது ஐம்பதுக்குள். நாளெல்லாம் தரையில் குனிந்து உட்காருகிற வேலை. இரண்டு மாதம் காலின் வெளிப்பக்கம் கடும் வலி. பிறகு ஒரு வாரத்தில் வலி சட்டென்று குறைந்துவிட்டது, நல்லாயிடுச்சு என்று விட்டுவிட்டார். அவருடைய மகள்தான் ஒன்றைக் கவனித்தாள். நடக்கும்போது அம்மாவின் ரப்பர் செருப்பு வழியிலேயே கழன்று கிடக்கிறது, அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. குதிகாலில் நடக்கச் சொல்லிப் பார்த்தேன், பாதத்தின் முன்பகுதி மேலே வரவில்லை. எல்5 வேர். வலி போனது நரம்பு ஆறியதால் அல்ல, சேதி அனுப்பவே அதற்கு முடியாமல் போனதால். உடனே ஆபரேஷன் ஆனது. பலம் முக்கால்வாசிதான் திரும்பியது. அதற்கும் பல மாதம் பிடித்தது. செருப்பு முதல்முறை கழன்ற வாரத்திலேயே வந்திருந்தால் என்று இன்றும் எனக்கு மனசு கேட்பதில்லை. வலி திடீரென்று மறைந்து மரமரப்போ பலக்குறைவோ கூடினால், அதை நலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உண்மையான நலம் வேறு விதமாக வரும். சுண்டு விரலில் இருந்த வலி கெண்டைக்காலோடு நிற்கும், அப்புறம் தொடையோடு, அப்புறம் பிட்டத்தோடு. கடைசியில் இடுப்பில் மட்டும் நிற்கும். அப்போது இடுப்பு முன்னைவிட அதிகம் வலித்தாலும் நல்ல சேதிதான். உங்களுக்கு முதலில் நடந்தது இதற்கு நேர் எதிர்: இடுப்பு வலி குறைந்து காலுக்கு இறங்கியது. எந்தப் பயிற்சி செய்தாலும், எப்படிப் படுத்தாலும், வலி மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். கீழே இறக்குகிற எதையும் நிறுத்திவிடுங்கள், அது யார் சொல்லிக்கொடுத்த பயிற்சியாக இருந்தாலும் சரி.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு ராத்திரிகூடப் பொறுக்கக்கூடாது. சைக்கிள் சீட்டில் படுகிற இடம், அதாவது மலத்துவாரம், பிறப்புறுப்பு, உள்தொடை மரத்துப்போவது. சிறுநீர் நிறைந்தும் போக முடியாமல் இருப்பது, அல்லது போவதே தெரியாமல் போவது. வலி இரண்டு காலுக்கும் பரவுவது. இவை வந்தால் பிதுக்கம் நடுவில் திரும்பி அந்தக் குதிரை வால் முழுவதையும் அழுத்துகிறது என்று பொருள். ஒரு நாள், இரண்டு நாளுக்குள் அழுத்தத்தை எடுக்காவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். 108ஐ அழைத்து நேராகக் கிளம்புங்கள். ஆரணியிலிருந்து வேலூர் வருகிற வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் உள்ளவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். வெட்கப்பட்டு இந்த அறிகுறியை மறைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். வாரக்கணக்கில் படுத்துக் கிடக்காதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் போதும், பிறகு தாங்குகிற அளவு நடங்கள். படுக்கும்போது மல்லாந்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை, ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கு நடுவில் தலையணை. உட்காருவது இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கடைக் கணக்கை நின்றபடி எழுத ஓர் உயரப் பலகை போட்டுக்கொள்ளுங்கள். குந்தி உட்காரும் கழிப்பறை இந்த மூன்று மாதத்துக்கு வேண்டாம், நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி கடையில் கிடைக்கும். மலச்சிக்கல் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்குவதும் தும்மலுக்குச் சமம். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியவே வேண்டாம். லோடை ஒன்பது மணிக்கு மேல் அனுப்பச் சொல்லி மில்லில் கேளுங்கள்.

வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும் சாப்பிடுங்கள், மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். நரம்புக்கென்று பிரிகாபலின் எழுதியிருந்தால், 2017ல் வந்த ஓர் ஆய்வில் சயாட்டிகாவுக்கு அது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை, தலைச்சுற்றல்தான் கூடியது. நீங்கள் வண்டி ஓட்டுகிறவரானால் கவனம். ஆனாலும் திடீரென்று நிறுத்தாமல், எழுதித் தந்தவரிடம் கேட்டுக் குறையுங்கள். பிட்டத்தில் வலி ஊசி போட்டுக்கொண்டே இருப்பதும் வேண்டாம். சயாட்டிக் நரம்பு அங்கேதான் ஓடுகிறது, தவறான இடத்தில் குத்தினால் அந்த ஊசியே நரம்பைக் கெடுக்கும்.

பன்னிரண்டாவது வாரத்திலும் வலி இதே அளவில் இருந்தால், அல்லது அதற்கு முன்பே தாங்க முடியாமல் போனால், ஆபரேஷன் நியாயமான வழி. நுண்ணோக்கி வைத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறலில், பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பார்கள். டிஸ்க் முழுவதையும் அல்ல. கால் வலி பெரும்பாலும் கண் விழிக்கும்போதே இருக்காது. சுண்டு விரல் மரமரப்பு மட்டும் மாதக்கணக்கில் மெதுவாகத்தான் போகும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். அதே இடத்தில் மறுபடியும் பிதுங்குவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு உண்டு.

காட்டுவதற்கு வேலூர் வரும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்து வராதீர்கள், எம்.ஆர்.ஐ. படத்தையும் கொண்டு வாருங்கள். கூடவே அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு நோட்டையும். பஸ்ஸில் உட்கார முடியாவிட்டால் கண்ணமங்கலத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள்.